பல் இழந்த இலை
ஹெர்பாரியப் படத்தின் பின்னணியை அகற்றப் போய் நாம் கற்றுக்கொண்டது

ஜேர்மனியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வகுப்புக்களில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என்றாவது ஒரு நாள் "ஹெர்பாரியம்" என்ற சொல் வந்து சேரும். பல மரங்களின் இலைகளைப் பறித்து, புத்தகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, மரத்தின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள் எல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இலை காய்ந்தால் நிறம் போய்விடும். ஆகவே எங்கள் மகளின் வகுப்பில் இன்னொன்றும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். பச்சையாக இருக்கும்போதே இலையைப் படம் பிடித்து, பின்னணியை அகற்றி, நிறத்தாளில் பெரிதாக அச்சிட்டு, விளிம்பு, நடு நரம்பு, பக்க நரம்புகள் ஆகியவற்றைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

நாமும் செய்து கொடுத்தோம். சென்ற செப்டெம்பரில் திரும்பி வந்த கொப்பியில் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் கேள்வி இருந்தது. "இது எந்த மரம்? விளிம்பைப் பார்!" என்று ஆசிரியை எழுதியிருந்தார். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். பிழை விட்டது அந்தப் படத்தை வெட்டிக் கொடுத்த நாங்கள்.

விடயம் இதுதான். இங்கு வீதியோர வேலிகளில் அடர்த்தியாக வளர்த்து வெட்டிவிடும் ஹைன்பூஹெ என்று ஒரு மரம் உண்டு. காட்டில் உயர்ந்து நிற்கும் றோற்பூஹெ என்று இன்னொன்றும் உண்டு. பெயரின் பின்பாதி ஒன்றானாலும் இரண்டும் ஒரே குடும்பம் அல்ல. ஹைன்பூஹெ பேர்ச் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இலைகள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே முட்டை வடிவம், ஒரே மாதிரி நேர்நேராக ஓடும் பக்க நரம்புகள். எம்மைப் போலப் புதிதாகப் பார்ப்பவர் இலையை வைத்துப் பிரித்தறிய எளிய அடையாளம் விளிம்புதான். ஹைன்பூஹெயின் விளிம்பு வாள் போலப் பல் பல்லாக இருக்கும். பெரிய பல்லுக்குள் சின்னப் பல்லும் இருக்கும். ஒவ்வொரு பக்க நரம்பும் ஓடிப்போய் ஒரு பெரிய பல்லின் நுனியில்தான் முடியும். றோற்பூஹெயின் விளிம்பில் அப்படிப் பல் இல்லை, இலேசான அலை மட்டும்தான்.

நாங்கள் அச்சிட்ட படத்தில் அந்தப் பல் ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரே தொடுகையில் பின்னணியை அகற்றும் வசதியைப் பாவித்திருந்தோம். மனிதர் முகத்தையும் நாய்க்குட்டியையும் அது அழகாக வெட்டித் தரும். ஆனால் ஒரு மில்லிமீற்றர் பல்லை அது மங்கல் என்று எண்ணி வழித்துவிட்டது. எங்கள் ஹைன்பூஹெ றோற்பூஹெயாகிவிட்டது.

சரி, கையால் வெட்டலாம் என்று கணனியில் உட்கார்ந்தோம். GIMP என்ற படத்திருத்தி www.gimp.org இல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரே நிறமான இடத்தைத் தொட்டுத் தெரிவு செய்யும் கருவி உண்டு, பெயர் Fuzzy Select. இலையை வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படத்தில் வெள்ளையைத் தொட்டு அழித்தோம். இரண்டு கோளாறுகள் வந்தன. இலையின் ஒரு பக்கத்தில் விழுந்த சாம்பல் நிற நிழல் இலையோடு ஒட்டிக்கொண்டே நின்றது. நிழலும் போகட்டும் என்று Threshold என்ற அளவைக் கூட்டினால், அழிப்பு நரம்பின் வழியாக இலைக்குள்ளேயே புகுந்துவிட்டது. காரணம் விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஹைன்பூஹெயின் நரம்புகள் வெளிறிய நிறம். அவை பல்லின் நுனிவரை வந்து வெள்ளைத் தாளைத் தொட்டு நிற்கின்றன. வெள்ளையைத் தேடிப் போகும் கருவிக்கு அந்த நுனி திறந்த கதவு.

அடுத்து Select by Color என்பதை முயன்றோம். அது இன்னும் மோசம். தொட்டிருக்கிறதா இல்லையா என்று பாராமல் படம் முழுவதிலும் உள்ள வெளிறிய நிறத்தை எல்லாம் சேர்த்து எடுத்ததால் இலை வலை போல ஓட்டையாகியது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தம்பி அச்சகத்தில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டபோது சிரித்துவிட்டு, "அண்ணை, பிழை கணனியில இல்லை. படம் எடுத்த விதத்தில. ஒரு படத்தை வைச்சு ரெண்டு வேலை செய்யப் பாக்கிறியள்" என்றார். விளிம்பைக் கண்டுபிடிக்க ஒரு படம், நிறத்தையும் நரம்பையும் காட்ட இன்னொரு படம் என்று இரண்டாக எடுக்கச் சொன்னார். விளிம்புக்கான படத்தில் இலைக்குக் கீழே இருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போது நிழலுக்கு இடமே இல்லை. பின்னணி வெளிச்சமாகவும் இலை இருட்டாகவும் நிற்கும்.

இதற்கு நாம் வாங்கியது ஒன்றுமில்லை. சுவரில் இருந்த ஒரு படச்சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, மேசையில் இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் பாலம் போல வைத்தோம். அதன் மேல் கேக் வேகவைக்கும்போது தட்டில் விரிக்கும் வெள்ளைத் தாளை, இங்கு பக்பப்பியர் என்பார்களே, அதைச் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களை ஒட்டினோம். கண்ணாடிக்குக் கீழே மேசையில் ஒரு வெள்ளைத் தாள். அந்தத் தாளை நோக்கி மேசைவிளக்கைத் திருப்பினோம். விளக்கு நேரே மேலே பார்த்தால் நடுவில் ஒரு பிரகாசமான வட்டம் விழும். தாளில் பட்டுத் திரும்பி வந்தால் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவும். விளக்கு எல்ஈடி ஆக இருப்பது நல்லது. நாம் முதலில் பழைய சூடான விளக்கைப் பாவித்தோம். சில நிமிடங்களில் இலையின் நுனி சுருண்டு மேலே எழும்பிவிட்டது. இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இலை தட்டையாகக் கிடக்க வேண்டும். பறித்த அன்றிரவு பத்திரிகைத் தாளுக்குள் வைத்து மேலே பாரம் ஏற்றி, மறுநாள் காலை எடுத்தோம். ஒரே இரவில் நிறம் கெடவில்லை, வளைவு மட்டும் போயிருந்தது. இலையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்தோம், நரம்புகள் அந்தப் பக்கத்தில்தான் புடைத்து நிற்கும். பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோலையும் வைத்தோம்.

இனிக் கைத்தொலைபேசி. அது இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு மயிரிழை கூட அசையக் கூடாது. கதிரையின் மேல் புத்தகங்களை அடுக்கி, கமராக் கண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மேலே ஒரு பாரமான அகராதியை ஏற்றினோம். (ஜேர்மன் - தமிழ் அகராதிக்கு அன்று இரட்டை வேலை.) இலைக்கும் கமராவுக்கும் இடையில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். விரலால் தொட்டுப் படம் எடுத்தால் ஆடும் என்பதால் 3 விநாடி தாமதத்தில் எடுக்கும்படி வைத்தோம். திரையை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் பல தொலைபேசிகளில் குவியம் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் இரண்டாவது படத்தில் தொலைபேசி மீண்டும் குவியம் தேடும். அப்போது படம் ஒரு சிறிது பெருத்தோ சிறுத்தோ போகும்.

முதற் படம், கீழ் விளக்கு மட்டும். அறையின் மற்ற வெளிச்சங்களை அணைத்து யன்னல் திரையையும் இழுத்துவிட்டோம். இங்கேதான் பலர் தவறுவார்கள், நாங்களும் தவறினோம். திரையில் இலையைத் தொட்டுக் குவியம் வைத்தால் தொலைபேசி இருண்ட இலையை வெளிச்சமாக்கப் பார்க்கும். பின்னணி எரிந்து வெண்மையாகி, அந்த வெண்மை வழிந்து பற்களின் நுனியைத் தின்றுவிடும். குவியத்தைப் பூட்டிய பின், திரையில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, பின்னணி வெள்ளைக்குச் சற்றுக் குறைந்த வெளிறிய சாம்பலாக வரும்வரை வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் சின்னப் பல்லின் நுனி ஒவ்வொன்றும் கூராகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது படம், கீழ் விளக்கை அணைத்துவிட்டு, யன்னல் திரையைத் திறந்து பக்கவாட்டு வெளிச்சத்தில். சரிந்து வரும் வெளிச்சத்தில் நரம்பின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் மெல்லிய நிழலும் விழுவதால், மெல்லிய குறுக்கு நரம்புகள் கூடத் தெரிந்தன. இலையின் நிழலும் தாளில் நீளமாக விழுந்தது. முன்பு எங்களைப் பாடாய்ப் படுத்திய நிழல்தான். இப்போது அது எவ்வளவு நீளமாக விழுந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் விளிம்பை இந்தப் படத்தில் நாம் தேடப் போவதில்லை.

GIMP இல் File → Open as Layers மூலம் இரண்டு படங்களையும் ஒன்றாகத் திறந்தோம். வலப்பக்கப் பட்டியலில் அவை ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகளாக நிற்கும். இப்போது செய்யப் போவது, இருட்டு இலைப் படத்தை ஒரு மறைப்பாக மாற்றுவது. மறைப்பில் வெள்ளையாக உள்ள இடத்தில் நிறப் படம் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் தெரியாது, சாம்பலாக உள்ள இடத்தில் பாதி தெரியும். பல்லின் விளிம்பு கத்தரியால் வெட்டியது போலப் படிப்படியாக இல்லாமல் இயற்கையாக இருப்பதற்கு அந்தச் சாம்பல்தான் காரணம். முன்பு பாவித்த தெரிவுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான்.

இருட்டுப் படத்தின் அடுக்கைத் தெரிவு செய்து Colors → Components → Extract Component என்பதற்குப் போய் RGB Blue என்பதை எடுத்தோம். ஏன் நீலம்? வர்ணப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று படங்கள் சேர்ந்தது. இலையின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக விழுங்கிவிடும், பச்சை ஒளியில் ஒரு பங்கை வெளியே விடும். ஆகவே நீலத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் இலை கறுப்பாகவும் தாள் வெளிச்சமாகவும் நிற்கும். பச்சையில் பார்த்தால் இலை வெறும் சாம்பல்தான். ஒக்டோபரில் மஞ்சளான இலைக்கும் நீலமே பொருந்தும். கடும் சிவப்பான இலைக்கு RGB Green ஐயும் எடுத்துப் பார்த்து, எதில் இலை கூடக் கறுப்பாக இருக்கிறதோ அதைப் பாவிக்கலாம்.

பின்னர் Colors → Invert. கறுப்பு வெள்ளையாகி, வெள்ளை கறுப்பாகும். அதன் பின் Colors → Levels. அதில் Input Levels என்ற வரைபடத்தின் கீழே மூன்று சிறிய முக்கோணங்கள் இருக்கும். இடப்பக்கத்துக் கறுப்பு முக்கோணத்தைப் பின்னணி முழுக் கறுப்பாகும் வரைக்கும், வலப்பக்கத்து வெள்ளை முக்கோணத்தை இலை வெள்ளையாகும் வரைக்கும் உள்ளே தள்ளினோம். இங்கே பொறுமை வேண்டும். இரண்டையும் நெருக்கிக் கொண்டுபோய் ஒட்டினால் சாம்பல் எல்லாம் போய்ப் பல் மாடிப்படி போல உடைந்துவிடும். படத்தை 200 சதவீதத்திற்குப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, பல்லுக்குப் பல் நடுவில் உள்ள பள்ளம் கறுப்பாகவும் பல்லின் நுனி மறையாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்தினோம்.

இப்போதும் இலைக்குள் நரம்புகள் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. கீழிருந்து வரும் வெளிச்சம் நரம்பின் வழியே கூடுதலாக ஊடுருவியதுதான் காரணம். இப்படியே விட்டால் நரம்பு பாதி மறைந்து, கீழே இருக்கும் தாளின் நிறம் அதற்குள்ளால் தெரியும். Free Select கருவியால் இலையின் விளிம்புக்குச் சற்று உள்ளே, பற்களைத் தொடாமல், இலையைச் சுற்றி ஒரு வளையம் போட்டோம். முன்னணி நிறத்தை வெள்ளையாக்கி Edit → Fill with FG Color கொடுத்தோம். உள்ளே முழுவதும் ஒரே வெள்ளை. மிஞ்சியது விளிம்போரத்தில் நரம்பு முடியும் சின்னத் துண்டுகள். அவற்றைச் சிறிய தூரிகையால் வெள்ளை பூசி மூடினோம். இதை மகளே செய்தாள். எம்மைவிட அவளுக்குக் கை நடுங்கவில்லை. காம்பையும் மறக்காமல் பார்க்க வேண்டும், அது சிலவேளை சாம்பலாகிப் பாதி காணாமற் போயிருக்கும். அருகில் கிடக்கும் அளவுகோலையும் அப்படியே சரிபார்த்து வெள்ளையாக்கினால் அதுவும் இலையோடு கூட வரும்.

வளையத் தெரிவை Select → None மூலம் நீக்கிவிட்டு, Select → All, Edit → Copy. பிறகு நிறப் படத்தின் அடுக்கைத் தெரிவு செய்து Layer → Mask → Add Layer Mask இல் White என்பதைக் கொடுத்து, Edit → Paste. ஒட்டிய படம் ஆகாயத்தில் மிதப்பது போல இருக்கும். அடுக்குப் பட்டியலின் கீழே உள்ள நங்கூரக் குறியை அழுத்தினால் மறைப்பில் இறங்கிவிடும். இருட்டுப் பட அடுக்கின் கண் குறியை அணைத்தோம். பின்னணி மறைந்து இலை மட்டும் நின்றது, நரம்போடும் பல்லோடும்.

ஒரு சோதனை செய்து பார்க்காமல் இதை நம்பக் கூடாது. கீழே ஒரு புதிய அடுக்கைப் போட்டு அதைக் கடும் ஊதா நிறத்தால் நிரப்பினோம். வெள்ளைப் பின்னணியில் தெரியாத குறைகள் எல்லாம் ஊதாவில் வெளியே வரும். இலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு ஓடினால் இரண்டு படங்களும் விலகி நிற்கின்றன என்று அர்த்தம். எங்களுக்கு அப்படித்தான் ஓடியது. கண்ணாடியை யாரோ முழங்கையால் தட்டியிருக்க வேண்டும். மறைப்பை நகர்த்திப் பார்த்துச் சலித்து, கடைசியில் இரண்டு படங்களையும் திரும்ப எடுத்தோம். அதுதான் சுருக்கமான வழி. சுற்றிவர எல்லாப் பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் Levels இல் கறுப்பு முக்கோணத்தை இன்னும் சிறிது உள்ளே தள்ள வேண்டும்.

சேமிக்கும்போது File → Export As கொடுத்து, பெயரின் முடிவில் `.png` என்று எழுத வேண்டும். `.jpg` என்று எழுதினால் மறைந்த இடம் எல்லாம் மீண்டும் நிறத்தால் நிரம்பிவிடும், அந்த வகைக் கோப்பிற்கு ஒளிபுகும் தன்மை என்பதே கிடையாது. வெட்டாத மூலப்படங்கள் இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அச்சிட்ட படத்தைக் காயவைத்த இலைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினோம். இலையில் ஒரு பக்கத்தில் 12 பக்க நரம்புகள், படத்திலும் 12. ஒவ்வொன்றும் ஒரு பெரிய பல்லில் போய் முடிந்தது. ஆசிரியை இரண்டாந்தரம் பார்க்கச் சம்மதித்தார். பக்கத்தின் மூலையில் சரி என்று அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

பூக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெய்சி போன்ற வெள்ளைப் பூவுக்கு இந்த நீலப் படம் உதவாது. வெள்ளை இதழ் நீலத்தை விழுங்குவதில்லை, கீழிருந்து வரும் வெளிச்சத்தை மெல்லிய இதழ் விட்டுவிடவும் செய்யும். அதைக் கறுப்புத் துணியில் வைத்து எடுப்பதே நல்லது. வீட்டில் ஸ்கானர் இருந்தால் பூவைக் கண்ணாடியில் வைத்து, மூடியைத் திறந்தபடியே விட்டு, அறையை இருட்டாக்கி ஸ்கான் செய்யுங்கள். பின்னணி தானாகவே கறுப்பாக வரும். 600 டிபிஐ என்ற அளவில் வைத்தால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 24 புள்ளிகள் கிடைக்கும். மகரந்தக் காம்பு கூடத் தப்பாது.

ஊரில் அரசிலையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சதையை நீக்கி, வலை போன்ற நரம்பை மட்டும் எடுத்துப் படம் வரைவார்கள், நினைவிருக்கும். இங்குள்ள பிள்ளைகள் லிண்டன் மரத்து இலையில் அப்படிச் செய்து கொண்டுவருவதுண்டு. அதைப் படம் எடுத்தால் உள்ளே வெள்ளை பூசும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அங்கே ஓட்டைகள்தான் இலை. Levels வரைக்கும் செய்து அப்படியே மறைப்பாகப் பாவியுங்கள்.

றோற்பூஹெயில் மட்டும் எங்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது. வசந்தத்தில் அதன் இளம் இலையின் விளிம்பைச் சுற்றிப் பட்டு நூல் போன்ற மெல்லிய மயிர்கள் இருக்கும். செப்டெம்பரில் பார்த்தபோது எங்கள் இலையில் ஒன்று கூட இல்லை. மே மாதம் புதிய இலை விரிந்ததும் அந்த மயிரோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். படச்சட்டக் கண்ணாடியைத் திரும்பச் சுவரில் மாட்டாமல் அலுமாரிக்குள்தான் வைத்திருக்கிறோம்.